dx-ஐ எப்போது விடலாம்? நுண்ணளவுகளின் முரண்பாடும் எல்லை வரையறையும்

dy/dx ஒரு பின்னமா, இல்லையா? கணித வகுப்பில் “அது ஒரே குறியீடு, மேலும் கீழுமாகப் பிரிக்கக் கூடாது” என்று சொல்லித் தருகிறார்கள். இயற்பியல் வகுப்பில் அதே dx-ஐச் சமன்பாட்டின் அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பெருக்குகிறார்கள். விடையும் சரியாகத்தான் வருகிறது. மாணவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

குழப்பத்துக்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. நாம் எழுதும் குறியீடு 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு நாம் சொல்லும் பொருள் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குறியீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் அடியில் இருந்த கருத்தை மட்டும் கணிதவியலர்கள் மாற்றிவிட்டார்கள். ஏன் மாற்ற வேண்டியிருந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## நுண்ணளவு என்றால் என்ன?

சுழியம் இல்லை, ஆனால் நீங்கள் சொல்லும் எந்த நேர் எண்ணைவிடவும் சிறியது. இப்படி ஓர் அளவைக் கற்பனை செய்தால் அதுதான் நுண்ணளவு. பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது, கோடியில் ஒரு பங்கைவிடவும் சிறியது, ஆனாலும் சுழியம் இல்லை. லைப்னிட்ஸ் 1684இல் வெளியிட்ட கட்டுரையில் dx, dy என்ற குறியீடுகள் அச்சேறின. நியூட்டன் தன் கணக்குகளில் இதே வேலைக்கு o என்ற எழுத்தைப் பயன்படுத்தினார்.

நுண்ணளவை வைத்துக் கணக்குப் போட ஒரு விதி தேவைப்பட்டது. 1696இல் நுண்கணிதத்தின் முதல் பாடநூலை வெளியிட்ட லோபிதால் அதை வெளிப்படையாகவே அடிப்படைக் கோளாக வைத்தார்: இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு நுண்ணளவாக இருந்தால், ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துக்கொள்ளலாம். அதாவது x + dx என்பதும் x என்பதும் ஒன்றே.

இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் போகிறது. நுண்ணளவு என்ற ஒன்று இருக்கிறதா என்ற கேள்வியைவிட, அதை எப்போது விட்டுவிடலாம் என்ற கேள்விதான் உண்மையில் பெரிய தொல்லையைக் கொடுத்தது.

## ஒரே கணக்கில் இரண்டு விதமான dx

y = x² என்ற வளைவரையின் சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய முறை இப்படிப் போகும்.

1. x-ஐ மிகச் சிறிதளவு, dx அளவுக்கு, கூட்டுகிறோம். y-யின் புதிய மதிப்பு (x + dx)².
2. y எவ்வளவு கூடியது? (x + dx)² − x² = 2x·dx + (dx)².
3. சாய்வு வேண்டுமானால் இதை dx-ஆல் வகுக்க வேண்டும். வகுத்தால் 2x + dx வரும்.
4. dx நுண்ணளவு என்பதால் அதை விட்டுவிடலாம். விடை 2x.

விடை சரி. ஆனால் 3ஆம் படியில் dx சுழியமாக இருக்கக் கூடாது, ஏனென்றால் சுழியத்தால் வகுக்க முடியாது. 4ஆம் படியில் dx சுழியமாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 2x + dx எப்படி 2x ஆகும்? ஒரே எழுத்து, ஒரே கணக்கு, அடுத்தடுத்த இரண்டு வரிகள். இதற்குள் அதன் பொருள் மாறிவிடுகிறது.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. x + dx = x என்பது உண்மையிலேயே விதி என்றால், அதை முதல் படியிலேயே ஏன் பயன்படுத்தக் கூடாது? பயன்படுத்தினால் (x + dx)² என்பது x² ஆகிவிடும், கூடுதல் 0, சாய்வும் 0. கடைசியில் விட்டால் 2x, முதலிலேயே விட்டால் 0. ஒரு விதியைப் பயன்படுத்தும் நேரத்தைப் பொறுத்து விடை மாறுகிறது என்றால், அது விதியாகவே இல்லை. எப்போது விட வேண்டும் என்பதை அந்தக் காலத்துக் கணிதவியலர்கள் பழக்கத்தால் அறிந்திருந்தார்கள், தேர்ந்த கையோடு சரியாகவும் செய்தார்கள். ஆனால் எங்கும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்கவும் முடியவில்லை.

## நியூட்டன் தேடிய சுற்றுவழி

விட்டுவிடுவதில் உள்ள சிக்கலை நியூட்டன் உணர்ந்திருந்தார் என்பதற்கு 1687இல் வந்த அவருடைய பெருநூலிலேயே சான்று இருக்கிறது. A, B என்ற பக்கங்கள் கொண்ட செவ்வகம். பக்கங்கள் முறையே a, b என்ற சிறு அளவு கூடினால் பரப்பு எவ்வளவு கூடும்? நேரடியாகப் பெருக்கினால் aB + bA + ab வரும். கடைசியில் உள்ள ab-யை விட்டுவிட வேண்டும்.

நியூட்டன் விடவில்லை. அவர் பக்கங்களைப் பாதி அளவு குறைத்து ஒரு செவ்வகமும், பாதி அளவு கூட்டி ஒரு செவ்வகமும் எடுத்து, இரண்டின் வேறுபாட்டைக் கண்டார். அப்படிச் செய்தால் ab தானாகவே அடிபட்டுப் போய், மிகச் சரியாக aB + bA மட்டும் நிற்கிறது. எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

அழகான வழிதான். ஆனால் எண் வைத்துப் பாருங்கள். A = 10, B = 6, இரண்டும் 2 கூடுகின்றன. உண்மையான கூடுதல் 12 × 8 − 10 × 6 = 36. நியூட்டனின் வழியில் 11 × 7 − 9 × 5 = 32. கேட்ட கேள்வி 10 × 6 என்ற செவ்வகம் வளர்ந்தால் என்ன ஆகும் என்பது. அவர் பதில் சொன்னதோ 9 × 5 என்ற வேறொரு செவ்வகம் 11 × 7 ஆவதைப் பற்றி. விடுபட்ட 4 என்பது அதே ab. வாசல் வழியாக அனுப்ப மனமில்லாமல் ஜன்னல் வழியாக அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

## பெர்க்லி காட்டிய இரண்டு பிழைகள்

இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த தத்துவ அறிஞரும் ஆயருமான ஜார்ஜ் பெர்க்லி. 1734இல் அவர் எழுதிய சிறு நூலில் இந்தச் சிறு அளவுகளை “மறைந்துபோன அளவுகளின் ஆவிகள்” என்று அழைத்தார். அந்தத் தொடர் மிகவும் புகழ் பெற்றுவிட்டதால் அவருடைய வாதத்தின் ஆழம் பலருக்குத் தெரியாமல் போனது. விடைகள் தவறு என்று அவர் சொல்லவில்லை. தவறான வழியில் போய்ச் சரியான விடை எப்படி வருகிறது என்று கேட்டு, அதற்குப் பதிலும் கொடுத்தார்: இரண்டு பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன.

அவர் எடுத்தது பரவளையத்தின் தொடுகோடு. எளிமைக்காக y² = x என்ற பரவளையத்தை எடுத்துக்கொள்வோம். x = 1 என்ற இடத்தில் y = 1. x-ஐ 1.21 ஆக்கினால் y = 1.1. ஆக dx = 0.21, dy = 0.1.

1. முதல் பிழை: வளைவரையின் சிறு துண்டும் தொடுகோட்டின் சிறு துண்டும் ஒன்றே என்று கொள்வது. x = 1இல் தொடுகோட்டின் சாய்வு 1/2 என்பது பழைய வடிவியல் முறையிலேயே தெரியும். ஆகவே 0.21 தூரம் போனால் தொடுகோடு 0.105 உயரும். வளைவரை உயர்ந்ததோ 0.1 மட்டும். பிழை 0.005.
2. இரண்டாவது பிழை: y² = x என்பதிலிருந்து 2y·dy + (dy)² = dx கிடைக்கிறது. இதில் (dy)²-ஐ விட்டுவிட்டு dx/2y = dy என்று எழுதுவது. உண்மையில் dx/2y = 0.105, dy = 0.1. பிழை மறுபடியும் 0.005.

இரண்டும் எதிரெதிர்த் திசையில், துல்லியமாகச் சம அளவில் இருக்கின்றன. 0.21 என்பது நுண்ணளவே இல்லை, சாதாரண எண். ஆனாலும் பிழைகள் முழுமையாக அடிபடுகின்றன. எனவே dx மிகமிகச் சிறியது என்பதால்தான் விடை சரியாக வந்தது என்ற விளக்கம் இங்கே செல்லாது. சரியான விடை வந்ததற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

## விடையே தவறிப்போகும் இடம்

இதுவரை பார்த்ததில் வழி மட்டும்தான் கோணல், விடை சரி. “விடை சரியாக வந்தால் போதாதா?” என்று கேட்கலாம். போதாது. அதே விதி வெட்டவெளிச்சமாகத் தவறான விடையைத் தரும் ஒரு கணக்கு இதோ.

பக்கம் 1 உள்ள சதுரம். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் படிக்கட்டாகப் போகிறோம். 10 படிகள் என்றால், ஒவ்வொரு படியிலும் 1/10 தூரம் குறுக்கே, 1/10 தூரம் மேலே. மொத்த நீளம் 2. படிகளை 1000 ஆக்கினால் ஒவ்வொன்றும் சிறிதாகும். மொத்த நீளம் அப்போதும் 2. ஆனால் 1000 படிகள் இருக்கும்போது படிக்கட்டின் எந்த முனையும் மூலைவிட்டத்திலிருந்து ஏறத்தாழ 0.0007-க்கு மேல் விலகியிருக்காது. படிகளை நுண்ணளவாக்கினால் படிக்கட்டுக்கும் மூலைவிட்டத்துக்கும் உள்ள இடைவெளியும் நுண்ணளவாகிவிடும். லோபிதாலின் விதிப்படி இரண்டும் ஒன்றே. மூலைவிட்டத்தின் நீளமோ √2, அதாவது ஏறத்தாழ 1.414. ஆக 2 = 1.414.

எங்கே தவறியது? கணக்கைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். n படிகள் இருந்தால் ஒரு படியில் நாம் செய்யும் பிழை ஏறத்தாழ 0.586/n. அது மிகச் சிறியதுதான். ஆனால் அப்படி n பிழைகள் இருக்கின்றன. n × 0.586/n = 0.586. பிழை ஒவ்வொன்றும் மறைந்துகொண்டே போகிறது, கூட்டினால் ஒரு துளிகூடக் குறையவில்லை.

வட்டத்தை இதோடு ஒப்பிடுங்கள். ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் 96 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணம் வரைந்தால் அதன் சுற்றளவு 6.2821, வட்டத்தின் சுற்றளவு 6.2832. வேறுபாடு 0.0011 மட்டும். இங்கே ஒரு பக்கத்தில் வரும் பிழை 1/n³ என்ற வேகத்தில் சுருங்குகிறது. n பக்கங்களைக் கூட்டினாலும் மொத்தப் பிழை 1/n² என்ற வேகத்தில் குறைந்துகொண்டே போகும்.

இரண்டு கணக்கிலும் விடப்பட்டவை “நுண்ணளவுகள்”தான். ஒன்றில் விடலாம், மற்றதில் விடக் கூடாது. ஆக, விடப்படும் அளவு சிறியதா என்பது சரியான கேள்வியே இல்லை. எதோடு ஒப்பிட்டுச் சிறியது, எத்தனை முறை விடுகிறோம், கடைசியில் நிற்கும் பிழை எவ்வளவு என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். “நுண்ணளவு” என்ற ஒற்றைச் சொல் இந்த மூன்றையும் மறைத்துவிட்டது.

## எல்லை என்ற மாற்று

18ஆம் நூற்றாண்டின் நடுவில் டாலம்பேர் நுண்ணளவுக்குப் பதிலாக எல்லை என்ற கருத்தை முன்வைத்தார். ஆனால் “நெருங்குதல்” என்ற சொல்லுக்குத் துல்லியமான பொருளை அவர் தரவில்லை. 1817இல் போல்சானோவும் 1821இல் கோஷியும் அதற்கு வடிவம் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு பெர்லினில் வயர்ஸ்ட்ராஸ் தன் விரிவுரைகளில் இன்றைய வடிவத்தை நிலைநிறுத்தினார்.

இந்த வரையறையில் எதுவும் நகர்வதில்லை, எதுவும் மறைவதில்லை. இரண்டு பேருக்கிடையே நடக்கும் ஒப்பந்தம் போல அதைப் படிக்கலாம். ஒருவர் அனுமதிக்கக்கூடிய பிழையைச் சொல்கிறார், அது ε. மற்றவர், h-ஐ எவ்வளவு சிறிதாக வைத்தால் அந்தப் பிழைக்குள் நிற்கலாம் என்று காட்ட வேண்டும், அது δ. எந்த நேர் எண்ணை ε ஆகக் கொடுத்தாலும் ஒரு δ காட்ட முடிந்தால், சொன்ன விடை எல்லை.

y = x³, x = 2 என்ற இடத்தை எடுத்துக்கொள்வோம். சாய்வு 12 என்று சொல்கிறோம். அதைச் சரிபார்ப்போம்.

1. h சுழியம் இல்லாத சாதாரண எண். (2 + h)³ − 8 = 12h + 6h² + h³.
2. h-ஆல் வகுக்கிறோம்: 12 + 6h + h². h சுழியம் இல்லை என்பதால் இது முழுக்கச் செல்லும்.
3. 12-லிருந்து விலகல் 6h + h². h-இன் அளவு 1-ஐவிடச் சிறியதாக இருந்தால், இந்த விலகலின் அளவு h-இன் அளவைப்போல் 7 மடங்குக்கு மேல் போகாது.
4. ஆகவே ε கொடுக்கப்பட்டால், 1, ε/7 ஆகிய இரண்டில் சிறியதை δ ஆக எடுத்தால் போதும்.

0.01 பிழைதான் அனுமதி என்றால் h = 0.001 என்று வைத்துப் பாருங்கள், விலகல் 0.006001. அனுமதிக்குள் இருக்கிறது.

இங்கே 6h + h² விடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அது எவ்வளவு என்று அளக்கப்பட்டது. h எந்தப் படியிலும் சுழியமாகவில்லை. வகைக்கெழு 12 என்று சொல்லும்போது, 12 + 6h + h² என்பது 12-க்குச் சமம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டிய அளவுக்குப் பிழையை அடக்கக்கூடிய ஒரே எண் 12 என்று சொல்கிறோம். பெர்க்லியின் கேள்விக்கு இதுதான் பதில்: h இருந்துகொண்டேதான் இருக்கிறது, ஆவியாக மாறவே இல்லை.

படிக்கட்டை இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். படிக்கட்டின் நீளம் 1.414-ஐ நெருங்குகிறது என்று ஒருவர் சொன்னால், ε = 0.1 கொடுத்தால் போதும். எத்தனை படிகள் வைத்தாலும் விலகல் 0.586, அவரால் எதையும் காட்ட முடியாது. கூற்று அங்கேயே விழுந்துவிடுகிறது.

## கோஷிக்கே நேர்ந்த சறுக்கல்

எல்லை என்ற சொல் வந்ததோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை. கோஷி எல்லையை வரையறுத்த அதே 1821ஆம் ஆண்டு நூலில், தொடர்ச்சியான சார்புகளைக் கொண்ட ஒருங்கும் தொடரின் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியாகவே இருக்கும் என்று ஒரு தேற்றம் இருக்கிறது. 1826இல் ஏபெல் ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் sin x − (sin 2x)/2 + (sin 3x)/3 − … என்ற தொடரைக் காட்டினார். அதன் ஒவ்வொரு உறுப்பும் தொடர்ச்சியானது. கூட்டுத்தொகையோ x = π என்ற இடத்தில் துண்டிக்கப்படுகிறது.

ஏபெலின் தொடரைவிட எளிய ஒன்றில் இந்தப் பிழையைப் பார்க்கலாம். x, x², x³, … என்ற சார்புகளை 0 முதல் 1 வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தொடர்ச்சியானது. x ஒன்றைவிடக் குறைவாக இருந்தால் xⁿ சுழியத்தை நெருங்கும். x = 1 என்றால் எப்போதும் 1. ஆகவே கடைசியில் கிடைக்கும் சார்பு, 1 என்ற இடம் வரை 0 ஆக இருந்து அங்கே திடீரென்று 1-க்குத் தாவுகிறது.

ε = 0.1 என்று வைப்போம். xⁿ அதற்குக் கீழே வர n எவ்வளவு வேண்டும்?

- x = 0.9 என்றால் n = 22
- x = 0.99 என்றால் n = 230
- x = 0.999 என்றால் n = 2302

x ஒன்றை நெருங்க நெருங்க n எல்லையில்லாமல் கூடுகிறது. ஒவ்வொரு x-க்கும் ஒரு n உண்டு. எல்லா x-க்கும் பொதுவான ஒரு n இல்லை. கோஷி தன் நிரூபணத்தில் “எஞ்சிய பகுதி மீச்சிறியதாகிவிடும்” என்ற வகையில் பேசினார். எந்த x-க்கு, எந்த n-க்கு என்ற கேள்வி அந்தப் பேச்சுக்குள் புதைந்துவிட்டது. ε, n என்று எழுத்துகளை வைத்து, எது முதலில் கொடுக்கப்படுகிறது, எது எதைப் பொறுத்தது என்று வரிசைப்படுத்தினால்தான் இந்த வேறுபாடு கண்ணில் படும். பொதுவான n இருக்கும் நிலைக்குச் சீரான ஒருங்கல் என்று பெயர் வந்தது. அந்த நிபந்தனையைச் சேர்த்தால் தேற்றம் சரியாகிவிடும். கோஷியும் 1853இல் தன் தேற்றத்தைத் திருத்தி எழுதினார்.

என்னைக் கேட்டால், நுண்ணளவு மொழி கைவிடப்பட்டதற்குப் பெர்க்லியின் கண்டனத்தைவிட இதுதான் வலுவான காரணம். பெர்க்லிக்குப் பிறகும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் எல்லோரும் dx-ஐ வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். x², x³ போன்ற சார்புகளில் பழக்கம் கைகொடுத்தது. முடிவிலித் தொடர்கள் பெருகியதும் அந்தப் பழக்கம் போதாமல் போய், சிறந்த கணிதவியலரின் கையிலேயே தவறான தேற்றம் பிறந்தது.

## 1960க்குப் பிறகு

அப்படியானால் நுண்ணளவு என்ற கருத்தே முரண்பாடானதா? இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஆபிரகாம் ராபின்சன் தருக்கவியலின் கருவிகளைக் கொண்டு, மெய்யெண்களோடு உண்மையான நுண்ணளவுகளையும் உள்ளடக்கிய ஓர் எண் தொகுதியை முரண்பாடின்றிக் கட்டிக் காட்டினார். அதில் dx ஒருபோதும் சுழியம் ஆகாது, x + dx ஒருபோதும் x-க்குச் சமமும் ஆகாது.

லோபிதாலின் விதிக்குப் பதிலாக அங்கே வேறொரு செயல் இருக்கிறது. முடிவுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் மிக அருகில் ஒரே ஒரு மெய்யெண் இருக்கும். அதை அந்த எண்ணின் மெய்ப்பகுதி என்று சொல்லலாம். y = x² கணக்கில் 2x + dx என்பது அப்படியே நிற்கிறது. வகைக்கெழு என்பது அதன் மெய்ப்பகுதி, அதாவது 2x. அந்தச் செயலை எப்போது செய்ய வேண்டும் என்பதில் இப்போது குழப்பம் இல்லை. வகுத்த பிறகு, ஒரே முறை, கடைசியில். வரையறையே அப்படித்தான் சொல்கிறது.

படிக்கட்டும் அங்கே யாரையும் ஏமாற்றாது. N என்ற முடிவிலி எண்ணிக்கையில் படிகள் வைத்தால் ஒவ்வொரு படியின் பிழையும் உண்மையான நுண்ணளவு. N பிழைகளைக் கூட்டினால் வருவது 2 − √2. அது நுண்ணளவு அல்ல, அதை விட யாருக்கும் அனுமதி கிடையாது. படிக்கட்டின் நீளம் 2, அதன் மெய்ப்பகுதியும் 2.